இன்கிரிமென்டல் விளையாட்டுகளில் பேரெண்கள்

ஓர் எண்ணை வளர்ப்பதையே ஆட்டமாகக் கொண்டவை இன்கிரிமென்டல் விளையாட்டுகள். கிளிக் செய்தால் எண் ஏறும். சேர்ந்ததைச் செலவழித்து ஒரு கருவி வாங்கிவிட்டால், பிறகு அது தானாகவே ஏறும். இவ்வகையைப் பரவலாக்கியது, பிரெஞ்சு நிரலாளர் ஜூலியன் தியெனோ 2013 ஆகஸ்டில் வெளியிட்ட குக்கி கிளிக்கர். அது ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டு பிரவுசரில் ஓடியது. அந்த மொழியில் சாதாரண எண் ஒவ்வொன்றுக்கும் 64 பிட் இடம்தான். 1985-இல் வகுக்கப்பட்ட ஐஇஇஇ 754 தரம் அந்த இடத்துக்கு இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. ஆட்டக்காரர் முதலில் தொடும் எல்லை அவர் கண்ணுக்கே படாது.

அது 9,007,199,254,740,992, அதாவது 2-இன் 53-ஆவது அடுக்கு. இந்த எண்ணோடு 1-ஐக் கூட்டினால் விடை மாறாது. சொற்ப வருமானம் தரும் கருவிகளின் பங்கு இங்கே சத்தமில்லாமல் மறைந்துவிடும். வருமானமும் கையிருப்போடு சேர்ந்து வளர்வதால் பெரும்பாலான ஆட்டங்களில் இதை யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாவது எல்லை ஏறத்தாழ 1.8e308. அதைத் தாண்டிய எண் `Infinity` ஆகிவிடும். இவ்வளவு தூரம் யார் போகப்போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் குக்கி கிளிக்கரில் ஒரு கருவியை வாங்கும்போதெல்லாம் அதன் அடுத்த விலை 1.15 மடங்காகிறது. 15 குக்கியில் தொடங்கும் கர்சரின் விலை, 5,060-ஆவது பெருக்கலில் இந்த எல்லையைக் கடந்துவிடும். 308 சுழியங்களுக்கு 5,060 கொள்முதல் என்பது இவ்வகை ஆட்டத்தில் அப்படியொன்றும் பெரிய தொகை அல்ல.

எல்லை கடந்த பிறகு நடப்பதுதான் விசித்திரம். கையிருப்பும் விலையும் `Infinity` என்றால் “வாங்கப் பணம் போதுமா?” என்ற சோதனை தேறிவிடும். உடனே முடிவிலியிலிருந்து முடிவிலி கழிக்கப்படும், விடை `NaN`. அதை எதனோடு ஒப்பிட்டு “பெரிதா?” என்று கேட்டாலும் பதில் இல்லை என்றே வரும். ஆகவே எல்லா பட்டன்களும் ஒரே நேரத்தில் மங்கிப்போகும். நோயைக் கண்டுபிடிக்க அந்த ஓர் அறிகுறி போதும். சேமிப்பில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. `JSON.stringify` இந்த இரண்டு மதிப்புகளையும் `null` என்றே எழுதும். மறுபடி திறக்கும்போது `null + 5` என்பது 5. உலகத்துச் செல்வமெல்லாம் சேர்த்தவர் ஐந்து குக்கியோடு நிற்பார்.

2016-இல் வந்த ஆன்டிமேட்டர் டைமென்ஷன்ஸ் இந்தக் குறையையே ஆட்டத்தின் வாசலாக்கியது. 1.8e308-ஐத் தொட்டதும் எல்லாம் நொறுங்கி முதலிலிருந்து தொடங்கும். கைக்கு ஒரு முடிவிலிப் புள்ளி கிடைக்கும். பின்னொரு கட்டத்தில் அந்த எல்லையை உடைத்தும் போகலாம். இத்துறையில் இதைவிடச் சாமர்த்தியமான தீர்வைச் சொல்வது கடினம்.

உடைத்துப் போக வேறு எண் வகை வேண்டும். decimal.js நுணுக்கமாகக் கணக்கிடும், ஆனால் நொடிக்குப் பலமுறை நூற்றுக்கணக்கான மதிப்புகளைப் புதுப்பிக்கும் ஆட்டத்துக்கு அது மெதுவானது. பட்டாஷு என்ற புனைபெயர் கொண்ட நிரலாளரின் break_infinity.js துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேகத்தை எடுத்துக்கொண்டது. எண்ணின் முன்னிலக்கங்களை ஓரிடத்திலும் பத்தின் அடுக்கை வேறிடத்திலும் அது வைத்திருக்கும். பெருக்கும்போது முன்னவை பெருக்கப்படும், அடுக்குகள் கூட்டப்படும். அடுக்கு ஏறத்தாழ 9e15 வரை போகும்.

இவ்வளவு பெரிய எண்ணைத் திரையில் காட்டுவது தனிப்பாடு. ஆயிரத்துக்கு K, மில்லியனுக்கு M, பிறகு B, T, Qa, Qi என்று மூன்று சுழியத்துக்கு ஒரு பின்னொட்டு போடுவது வழக்கம். லட்சம், கோடியில் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடாது. எந்தப் பின்னொட்டு என்று அறிய மடக்கையைப் பயன்படுத்துபவர்கள் `Math.log(1000)/Math.LN10` 3-க்குப் பதில் 2.9999999999999996 தருவதில் மாட்டிக்கொள்வார்கள். அதைக் கீழ்முழுமையாக்கினால் ஆயிரத்துக்கு K கிடைக்காது. இன்னொரு பிழை 999,996-இல் தெரியும்: ஆயிரத்தால் வகுத்து இரண்டு தசமத்துக்குத் திருத்தினால் 1.00M வரவேண்டிய இடத்தில் 1000.00K வந்து நிற்கும். இரண்டுக்கும் மருந்து, மடக்கையை விட்டுவிட்டு ஆயிரத்தால் வகுத்துக்கொண்டே போய், 1000-க்குப் பதிலாக 999.995-இலேயே அடுத்த படிக்கு ஏறிவிடுவது:

```js
const s = ["", "K", "M", "B", "T", "Qa", "Qi"];
function show(n) {
  let i = 0;
  while (n >= 999.995 && i < s.length - 1) {
    n /= 1000; i++;
  }
  return n.toFixed(2) + s[i];
}
```

காட்டுவதற்கான இந்தத் திருத்திய மதிப்பைக் கணக்கில் ஒருபோதும் திரும்பச் சேர்க்கக் கூடாது. பட்டியல் தீர்ந்ததும் சில ஆட்டங்கள் aa, ab என்று எழுத்துகளைக் கோக்கின்றன, சில 4.20e57 போன்ற அறிவியல் குறியீட்டுக்கு மாறிவிடுகின்றன. ஆயிரக்கணக்கில் அடுக்கு ஏறிய பிறகு முன்னிலக்கத்தை யாரும் படிப்பதில்லை. அடுக்கே ஆட்டக்காரரின் எண் ஆகிவிடுகிறது. பட்டாஷுவின் அடுத்த நூலகமான break_eternity.js அடுக்கின்மேல் அடுக்காக எழும் எண்களையும் தாங்கும். அந்த உயரத்தில் ஓர் எண்ணைப் பத்தால் பெருக்கினாலும் சேமித்த மதிப்பில் எந்த மாற்றமும் தெரியாது.