இரண்டு வினைச்சொற்களும் ஓர் ஏக்கர் காடும்: மாத்தளைச் சரிவுகளில் கரிமக் கணக்கும் வர்க்கமும்

காலநிலை நீதி பற்றித் தெற்காசியாவில் எழுதும் எவரும் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் வெளியிட்ட சிறு அறிக்கையில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நானும் அந்த அறிக்கையின் கடனாளிதான். அதற்கு முந்திய ஆண்டில் வாஷிங்டனில் உள்ள உலக வளங்கள் நிறுவனம் நாடுகளின் உமிழ்வைப் பட்டியலிட்டு, இந்தியா, சீனா, பிரேசில் மூன்றையும் முதல் ஐந்து இடங்களுக்குள் வைத்தது. காடழிப்பில் வெளியான கரியமில வாயுவையும் நெல்வயலின் மீதேனையும் கார், தொழிற்சாலைப் புகையோடு ஒரே தட்டில் போட்டதால் வந்த முடிவு அது. பிழைப்புக்காக வரும் உமிழ்வும் சொகுசுக்காக வரும் உமிழ்வும் ஒன்றாகா என்று தில்லியிலிருந்து அவ்விருவரும் எழுதிய மறுப்பு இன்றும் உறுதியாக நிற்கிறது. கடலும் காடும் உறிஞ்சிக்கொள்ளும் அளவை மக்கள்தொகைப்படி நாடுகளுக்குப் பங்கிட வேண்டும் என்ற அவர்களின் வாதம், உலகப் பேச்சுவார்த்தைகளில் தலைக்கு இவ்வளவு என்ற மொழியை நிலைநிறுத்தியது.

என் முரண்பாடு அந்த மொழியின் அலகோடுதான். அகர்வாலும் நாராயணும் நாட்டை ஒரு குடும்பமாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். குடும்பத்துக்குள் யார் தின்றார், யார் பட்டினி கிடந்தார் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனாலும் கணக்கேட்டின் தலைப்பில் நாட்டின் பெயரே இருந்தது. அந்த நாட்டுக்குள் வாழ்ந்தும் அதன் குடிமக்களாக ஏற்கப்படாத ஒரு தொழிலாளர் வர்க்கத்தை அந்த ஏட்டின் எந்தப் பத்தியில் எழுதுவது? யட்டவத்தையில் நின்று மாத்தளை மலைகளைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

காடழிப்பு விஷயத்தில் அவர்களின் மறுப்பு நான் விரும்பும் அளவுக்கு ஆழப் போகவில்லை. எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள்; அது சரி. ஆனால் வெட்டப்பட்ட காடு எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய முதலுக்காக வெட்டப்பட்டது என்ற வரலாறு அவர்களின் வாதத்தில் அடிக்குறிப்பு அளவுக்கே இடம் பெற்றது. அந்த வரலாறு இலங்கையில் ஒரு சட்டப் பிரிவின் இரண்டு வினைச்சொற்களுக்குள் இருக்கிறது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டத்தை எல்லோரும் குறிப்பிடுகிறோம். அதன் 6ஆம் பிரிவை நிதானமாக வாசிப்பவர்கள் குறைவு. காடு, தரிசு, குடியேறாத நிலம், பயிரிடாத நிலம் ஆகியவை, மாறானது நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என அங்கே 'அனுமானிக்கப்படுகின்றன'. அதே பிரிவு அடுத்த மூச்சில் பழைய கண்டி மாகாணங்களுக்குள் நுழைகிறது. அங்குள்ள சேனை நிலங்கள், அதாவது சில ஆண்டு இடைவெளி விட்டு மட்டுமே பயிரிடக்கூடிய நிலங்கள், முடிக்குரியவையாகவே 'கொள்ளப்படும்' என்கிறது. அனுமானத்தை எந்தச் சான்றாலும் உடைக்கலாம். 'கொள்ளப்படும்' என்பதற்கு அந்த இளக்கம் இல்லை. அரசன் கொடுத்த சன்னஸ் வேண்டும், அல்லது வழக்கமான வரியோ சேவையோ இருபது ஆண்டுகளுக்குள் செலுத்தியதற்கான சான்று வேண்டும். தமிழில் எழுதும்போது நாம் இரண்டையும் 'கருதப்படும்' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுகிறோம். அப்படிக் கடக்கும்போது சட்டம் காட்டைவிடச் சேனையைத்தான் கடுமையாக நடத்தியது என்ற உண்மை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கரிமக் கணக்கில் இந்த வேறுபாட்டுக்கு எடை உண்டு. சேனையில் பற்றையை வெட்டி எரித்து, குரக்கனோ தினையோ ஓரிரு போகம் எடுத்தபின் நிலத்தை விட்டுவிடுவார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு விட்டுவைத்தால் இளங்காடு வளர்ந்து, எரித்தபோது போன கரிமத்தில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுக்கும். நிரந்தரமாகத் திறந்த தோட்டத்தில் அந்தத் திரும்பல் இல்லை. கரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலப் பயன்பாட்டுக்கு உரிமைச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டு, திருப்பிக் கொடுக்காத பயன்பாட்டுக்கு அரசு நிலத்தை விற்றது. 1844இல் விலை உயரும்வரை ஏக்கர் ஐந்து ஷில்லிங். வாங்கியவர்களில் ஆளுநரும் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள்.

ஓர் ஏக்கரை எடுத்துக் கணக்கிடுவோம். ஈர வலயக் காட்டில் ஹெக்டேருக்கு நிலத்துக்கு மேல் 300 டன் உலர் உயிர்ப்பொருள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இது என் எடுகோள். வெட்டுவதற்கு முன் அந்தக் காட்டை எவரும் அளக்கவில்லை. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 140 டன் அளவுக்குக் கரிமம். அது எரிந்து கரியமில வாயுவானால் 3.67ஆல் பெருக்க வேண்டும். 510 டன் சொச்சம் வரும். ஏக்கருக்கு மாற்றினால் ஏறத்தாழ 210 டன். கோப்பிச் செடி வளர்ந்து திரும்பப் பிடித்துக்கொள்வதற்கு 20 டன்னைக் கழித்தால் 190 மிஞ்சும். மண்ணிலிருந்து போனதை நான் சேர்க்கவில்லை. இன்று இலங்கையர் ஒருவர் எரிபொருளால் ஆண்டுக்கு வெளிவிடுவது சராசரியாக ஒரு டன் அளவில்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த ஓர் ஏக்கரின் புகை, இன்றைய 190 பேரின் ஓராண்டு உமிழ்வு.

1870களின் இறுதியில் இலங்கையில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. எல்லாமே முதுகாட்டின் மீது நின்றது என்று வைத்தாலும், மொத்தம் ஏறத்தாழ ஐந்து கோடி டன்தான். உலகக் கணக்கில் இது சிறு துளி. கண்டி நாட்டுக் காடு உலகைச் சூடாக்கியது என்று யாராவது எழுதினால் நான் அதை ஏற்கமாட்டேன். என் கவலை துளியின் அளவைப் பற்றியதன்று; அதை எந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்பதைப் பற்றியது. நாடுவாரிக் கணக்கில் அது 'இலங்கை' என்ற பெயரில் விழுகிறது. கார்பன் பிரீஃப் ஆய்வாளர்கள் 2023இல் குடியேற்றக் கால உமிழ்வை ஆண்ட நாட்டின் பெயருக்கு மாற்றி எழுதிப் பார்த்தபோது, பிரித்தானியாவின் வரலாற்றுப் பங்கு 3.0 வீதத்திலிருந்து 5.1 வீதமாக ஏறியது. நல்ல திருத்தம். ஆனால் அதுவும் நாட்டிலிருந்து நாட்டுக்கான மாற்றமே. லண்டனில் பங்கு வைத்திருந்தவரையும் அதே நகரின் ஆலைத் தொழிலாளியையும் அது ஒரே தலையாக எண்ணுகிறது.

மரம் வெட்டிய முறையையும் பார்க்க வேண்டும். சரிவின் அடியிலிருந்து மரங்களைப் பாதிவரை வெட்டிக்கொண்டே மேலேறுவார்கள். உச்சியில் நிற்கும் பெரிய மரத்தை முழுதாகச் சாய்த்ததும், அது தனக்குக் கீழுள்ளதன் மேல் விழ, சரிவு முழுவதும் ஒரே இரைச்சலில் சரிந்து வரும். பிறகு சில வாரம் காயவிட்டு நெருப்பு வைப்பார்கள். கோடரி பிடித்தவர்களில் பலர் அயல்கிராமச் சிங்கள விவசாயிகள். ஒப்பந்தக் கூலிக்கு வந்தவர்கள். குழி வெட்டவும் நாற்று நடவும் பழம் பறிக்கவும் வந்தவர்கள், மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நடந்த தமிழர்கள். அந்த வழியில் செத்தவர்களின் எண்ணிக்கையில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமைப்பாடு இல்லை. சேனை இழந்த கிராமத்தவனும் ஊர் இழந்த கூலியும் அந்தச் சரிவில் சந்தித்தார்கள். புகையை உண்டாக்கிய கைகள் அவர்களுடையவை. அதனால் வந்த பொருள் அவர்களுடையதாக இருக்கவில்லை.

இங்கே என் வாதத்தின் மெலிந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோப்பித் துரைமார் சேனை நிலத்தைப் பெரிதும் விரும்பவில்லை. மண்வளம் போய்விட்டது என்று முதுகாட்டையே தேடினார்கள். ஆகவே 1840இன் கடுமையான வினைச்சொல் கோப்பிக்கு நேரடியாக எவ்வளவு நிலம் தந்தது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் யட்டவத்தைப் பக்கம் உயரம் குறைந்த நிலம். இங்கே நிலமாற்றத்தின் பெரிய அலை கோப்பியோடு நிற்கவில்லை. கொக்கோவும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் வந்தன. 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச்சட்டம் இடையில் வந்து, உரிமை கோராத நிலத்தை அரசு தனதாக்கும் வழியை இன்னும் சுருக்கியது. 1840இல் விதைத்த சொல் இங்கே இறப்பர்க் காலத்தில்தான் முளைத்தது என்பது என் வாசிப்பு. அதை வலுவாகவே முன்வைக்கிறேன். ஏனெனில் சேனைக்கு ஏற்றதும் இறப்பருக்கு ஏற்றதும் ஒரே உயரத்து நிலங்கள். கோப்பிக்கு அந்தப் பொருத்தம் இருக்கவில்லை.

குடியுரிமைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாகப் பேசியது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று. கடைசிவரை எஞ்சியோருக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. அகர்வால்–நாராயண் அறிக்கை அச்சேறிய 1991இல், தலைக்கு இவ்வளவு வானம் என்று நாட்டுக்குப் பங்கு கேட்டபோது, லயத்தில் இருந்தவர்களின் தலையும் அந்தத் தொகையில் சேர்ந்தது. குடிசன மதிப்பு அவர்களை எண்ணியது. அவர்களின் தலைகள் நாட்டின் உரிமைப் பங்கைக் கூட்டின; அவர்களின் குறைந்த உமிழ்வு நாட்டின் சராசரியைக் கீழே இழுத்தது. அந்தப் பங்கை எப்படிச் செலவிடுவது என்று சொல்லும் வாக்கு அவர்களில் பலருக்கு இருக்கவில்லை. நாட்டை அலகாக வைக்கும் நீதி இந்த இடத்தில்தான் உடைகிறது.

1991இல் நாட்டை அலகாக வைத்ததற்குக் காரணம் இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. லூகா சான்செல் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, 1990இல் உலக உமிழ்வுச் சமமின்மையின் பெரும்பகுதி நாடுகளுக்கு இடையில் இருந்தது. 2019இல் அது புரண்டு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாடுகளுக்கு உள்ளே வந்துவிட்டது. உலகின் மேல்தட்டுப் பத்து வீதத்தினர் 48 வீதத்தையும் கீழ்ப்பாதி மக்கள் 12 வீதத்தையும் வெளிவிட்டார்கள். ஆனால் மாத்தளைத் தோட்டங்களில் 'உள்ளே' இருந்த பிளவு 1990க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. சராசரிகள் அதைப் பிந்திக் கண்டன.

இன்று மேலே தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து முடிந்ததும் பெண்கள் மிளாறைக் கட்டித் தலையில் சுமந்து லயத்து அடுப்புக்குக் கொண்டுபோகிறார்கள். கீழே இறப்பர்ப் புகைக்கூட்டிலும், மேலே தேயிலைத் தொழிற்சாலையிலும் எரிவதும் விறகுதான். ஒரு கிலோ தேயிலை உலர ஒரு கிலோவுக்கும் மேல் வேண்டும். சர்வதேச விதிகளின்படி விறகின் கரியமில வாயு எரிசக்திப் பத்தியின் கூட்டுத்தொகையில் சேராது. நிலப் பயன்பாட்டுப் பத்திக்குப் போய்விடும். கோப்பையில் தேநீர் குடிக்கும் வெளிநாட்டவரின் கணக்கிலும் அது ஏறாது. லயத்து அடுப்புக்கும் ஏற்றுமதித் தொழிற்சாலைக்கும் அந்தப் பத்தியில் ஒரே வரிதான்.

தேதி விஷயத்தை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. ஒரு துண்டு நிலத்துக்கு அரசு விற்ற ஆண்டு ஒன்று, நில அளவை வரைபடத்தின் ஆண்டு வேறொன்று, உண்மையில் நெருப்பு வைத்த ஆண்டு மூன்றாவது. விற்ற நிலம் பல ஆண்டு காடாகவே கிடந்ததும் உண்டு. விற்கும் முன்னரே எரிந்ததும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளும் ஆவணத்தில் கிடைக்கின்றன. கரிமக் கணக்குக்கு வேண்டியது மூன்றாவது ஆண்டு. யட்டவத்தைச் சரிவுகளுக்கு அதை இப்போதைக்கு 1897க்கும் முதல் உலகப் போருக்கும் இடையில் என்று மட்டும் வைத்திருக்கிறேன்.