நேற்று 100, இன்று 0... ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ ஏன் இப்படி ஊஞ்சலாடுகிறது?

பங்குச் சந்தை ஆப்பில் சார்ட்டைத் திறந்து, கீழே 'Stoch RSI' என்ற இண்டிகேட்டரைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். விலை பெரிதாக அசையாவிட்டாலும் அந்தக் கோடு மட்டும் கூரைக்கும் தரைக்குமாகக் குதித்துக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை 100-ஐத் தொட்டு 'அதிகம் வாங்கியாச்சு, வித்துடு' என்கும். புதன்கிழமையே 0-க்கு வந்து 'அதிகம் வித்தாச்சு, வாங்கிடு' என்கும்.

இதை நம்பி ஒவ்வொரு முறையும் ஆர்டர் போட்டால் என்ன ஆகும்? லாபமோ நஷ்டமோ, புரோக்கரேஜும் வரியும் ஒவ்வொரு முறையும் கழியும். 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில், பங்கு எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அந்த நஷ்டத்துக்கு இந்த ஒரு இண்டிகேட்டர்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது காட்டும் 100-க்கும் 0-க்கும் உண்மையில் என்ன அர்த்தம் என்று தெரியாமல் பணம் போடுவது ஆபத்து.

இரண்டு இண்டிகேட்டர், ஒரு கலவை

ஆர்எஸ்ஐ என்பது 1978-ல் வெல்லஸ் வைல்டர் அறிமுகப்படுத்திய கணக்கு. ஒரு பங்கு சமீப நாட்களில் சராசரியாக எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று எடுத்து, மொத்த அசைவில் ஏற்றத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும். ஏற்றமும் இறக்கமும் சமம் என்றால் 50. வழக்கமாக 70-க்கு மேல் போனால் அதிகம் வாங்கப்பட்ட நிலை, 30-க்குக் கீழே போனால் அதிகம் விற்கப்பட்ட நிலை. சந்தைக்காரர்கள் பாஷையில் ஓவர்பாட், ஓவர்சோல்டு.

ஸ்டோகாஸ்டிக் அதைவிடப் பழசு. 1950-களில் ஜார்ஜ் லேன் பரப்பியது. கடந்த சில நாட்களின் உச்ச விலைக்கும் அடி விலைக்கும் நடுவில் இன்றைய விலை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் அது பார்க்கும். உச்சத்தில் நின்றால் 100, அடியில் நின்றால் 0.

இந்த இரண்டையும் சேர்த்தவர்கள் துஷார் சாண்டேவும் ஸ்டான்லி க்ரோலும். 1994-ல் வந்த அவர்களது புத்தகத்தில்தான் ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ வந்தது. ஆர்எஸ்ஐ பல வாரங்கள் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், எல்லையைத் தொடாததால் சிக்னலே வராது என்பது அவர்கள் பார்த்த குறை. அதனால் விலைக்குப் பதிலாக ஆர்எஸ்ஐ எண்களையே ஸ்டோகாஸ்டிக் கணக்குக்குள் போட்டார்கள்.

```
StochRSI = 100 × (RSI − min RSI) / (max RSI − min RSI)
```

இதில் அதிகபட்சம், குறைந்தபட்சம் எல்லாமே கடைசி 14 நாள் ஆர்எஸ்ஐ-யில் இருந்து எடுப்பது. இன்றைய நாளும் அந்த 14-க்குள் அடக்கம். அடிக்கடி எல்லைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே செய்த இண்டிகேட்டர் இது. அது அடிக்கடி எல்லைக்குப் போகிறதே என்று புகார் சொல்வதில் அர்த்தமில்லை. எதை வைத்து எல்லை என்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கொடைக்கானலில் 'வெயில் 100'

இதைப் புரிந்துகொள்ள வெயிலை எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் கடந்த 14 நாட்களில் பகல் வெப்பம் 17 டிகிரிக்கும் 19 டிகிரிக்கும் நடுவிலேயே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று 19 டிகிரி. ஸ்டோகாஸ்டிக் கணக்குப்படி இன்றைய வெயில் 100. ஆனால் அங்கே இருப்பவர் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்.

மே மாதம் வேலூரில் 14 நாட்களாக 39 முதல் 42 டிகிரி. இன்று 39 என்றால் கணக்குப்படி 0. அதற்காகக் குளிர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ சொல்லும் 100-ம் 0-ம் இதே ரகம். ஆர்எஸ்ஐ உண்மையில் உயரமா, தாழ்வா என்பதை அது சொல்வதே இல்லை. கடந்த 14 நாட்களை வைத்து மட்டுமே பேசுகிறது.

500 ரூபாய் பங்கு ஒன்று

ஒரு உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பங்கின் விலை 500 ரூபாய். அதன் சராசரி ஏற்றம் 4 ரூபாய், சராசரி இறக்கமும் 4 ரூபாய். எனவே ஆர்எஸ்ஐ 50. கடந்த நாட்களில் ஆர்எஸ்ஐ 47-க்கும் 52-க்கும் நடுவில் இருந்தது, அந்த இரண்டு எண்களும் அடுத்த சில நாட்களுக்கும் 14 நாள் கணக்குக்குள் இருக்கின்றன என்று கொள்வோம். இப்போது ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 60.

முதல் நாள் பங்கு 6 ரூபாய் ஏறி 506 ஆகிறது. வைல்டரின் முறையில், பழைய சராசரியை 13 மடங்காக எடுத்து, இன்றைய அசைவைக் கூட்டி, 14-ஆல் வகுக்க வேண்டும். சராசரி ஏற்றம் 4.14, சராசரி இறக்கம் 3.71 ஆகிறது. ஆர்எஸ்ஐ 52.7. இது 14 நாளில் புதிய உச்சம். உச்சமே இன்றைய எண்தான் என்பதால், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ நேராக 100.

மறுநாள் 8 ரூபாய் இறங்கி 498. ஆர்எஸ்ஐ 48.9. உச்சம் 52.7, அடி 47 என்பதால் ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 33. அதற்கும் மறுநாள் 9 ரூபாய் இறங்கி 489. ஆர்எஸ்ஐ 44.9. இது 47-க்கும் கீழே, புதிய அடி. ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 0.

கவனியுங்கள், விலை உச்சத்திலிருந்து இறங்கியது 17 ரூபாய், சுமார் மூன்றரை சதவீதம்தான். ஆர்எஸ்ஐ 53-ல் இருந்து 45-க்கு வந்தது. 70 பக்கமும் போகவில்லை, 30 பக்கமும் போகவில்லை. ஆனால் கலவை இண்டிகேட்டர் இரண்டே நாளில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டது. காரணம், வகுக்கும் எண் மிகச் சிறியது. 47-க்கும் 52-க்கும் நடுவில் வெறும் 5 புள்ளி. அந்த 5 புள்ளியைத்தான் 0 முதல் 100 வரை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள்.

அது ஏன் இத்தனை தடவை?

வீச்சு சின்னது என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், ஆர்எஸ்ஐ தினமும் புதிதாகப் பிறக்கும் எண் இல்லை என்பது. மேலே பார்த்தபடி, நேற்றைய சராசரியின் 14-ல் 13 பங்கு இன்றும் அப்படியே தொடர்கிறது. அதனால் ஆர்எஸ்ஐ கன்னாபின்னாவென்று தாவாது. ஒரு பக்கம் நடக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் அடி அடியாக நடந்து போகும். அப்படி நடப்பவர், நடந்த பாதையின் ஓரத்திலேயே பெரும்பாலும் நிற்பார்.

கணிதத்தில் இதற்கு ஒரு சுவாரசியமான அளவு உண்டு. 14 நாள் எண்களும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாதவை என்றால், கடைசி எண்ணே உச்சமாக இருக்க 14-ல் 1 வாய்ப்பு. அடியாக இருக்கவும் அதே. இரண்டும் சேர்த்து 100 நாளில் சுமார் 14 நாள். அதே நேரம், ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் நின்ற இடத்திலிருந்து தற்செயலாக ஏறவோ இறங்கவோ செய்யும் எண் என்றால், கடைசி நாள் உச்சமாக இருக்கும் வாய்ப்பு 15.5 சதவீதம் ஆகிவிடும். அடியையும் சேர்த்தால் 31 சதவீதம். எந்தச் செய்தியும் இல்லாமல், எந்த டிரெண்டும் இல்லாமல், வெறும் தற்செயலிலேயே 100 நாளில் 31 நாள் மிகச் சரியாக 0 அல்லது 100!

ஆர்எஸ்ஐ 50-ஐ நோக்கிக் கொஞ்சம் இழுபடும் என்பதால், பொதுவாக இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 80-க்கு மேல், 20-க்குக் கீழ் என்று சிக்னல் எல்லையைத் தளர்த்தினால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆர்எஸ்ஐ அசையாமல் 52-லேயே நிற்கிறது. 14 நாள் உச்சம் 55, அடி 40. ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 80. நாளை அந்த 40 என்ற பழைய எண் 14 நாள் கணக்கைவிட்டு வெளியே போகிறது, அடுத்த அடி 49 என்றால், ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 50-க்கு விழும். சந்தையில் ஒன்றும் நடக்கவில்லை, கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு நாள் கணக்கிலிருந்து கழன்றது, அவ்வளவுதான்.

எங்கே கையைச் சுடும்?

பணம் போவது பெரும்பாலும் வேலூர் கதையில்தான். ஒரு பங்கு வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது, ஆர்எஸ்ஐ 14 நாளாக 68 முதல் 80 வரை. ஒரு நாள் சின்ன இளைப்பாறலில் 68-க்கு வருகிறது. ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 0, 'ஓவர்சோல்டு'. 68 என்பது விற்றுத் தள்ளப்பட்ட பங்கின் ஆர்எஸ்ஐ இல்லை, இன்னும் வாங்குபவர்கள் கை ஓங்கியிருக்கும் நிலை. மலிவாகக் கிடைக்கிறது என்று நினைத்து வாங்குபவர் உண்மையில் உச்சத்துக்குப் பக்கத்தில் வாங்குகிறார். வீழ்ச்சியில் இருக்கும் பங்கில் இதே தவறு தலைகீழாக நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. அதே திரையில் சாதாரண ஆர்எஸ்ஐ-யையும் போட்டு, கடைசி 14 நாளில் அதன் உச்சம் எது, அடி எது என்று கண்ணால் பார்த்தால் போதும். நடுவில் ஐந்தாறு புள்ளிதான் என்றால் அந்த 100-க்கோ 0-க்கோ பெரிய மதிப்பு இல்லை. வீச்சு 25, 30 புள்ளி இருந்து, ஆர்எஸ்ஐ-யும் உண்மையிலேயே எல்லைப் பக்கம் போயிருந்தால் கதை வேறு.

ஆப் திரையில் தெரியும் கோடு இந்த மூல எண்ணும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரேடிங்வியூ போன்ற தளங்களில் வழக்கமான அமைப்பு 3, 3, 14, 14. மூல எண்ணின் 3 நாள் சராசரிதான் K கோடு, K-யின் 3 நாள் சராசரி D கோடு. நம் உதாரணத்தில் மூன்றாம் நாள் மூல எண் 0. ஆனால் K காட்டுவது 100, 33, 0 ஆகியவற்றின் சராசரியான 44. மறுநாளும் மூல எண் 0 ஆக இருந்தால்தான் K 11-க்கு வந்து 20-ஐ உடைக்கும். குதிப்பு கொஞ்சம் குறையும், பதிலுக்குச் சிக்னல் ஒரு நாள் தாமதமாக வரும். 3-ஐ 5 அல்லது 8 ஆக்கினால் இன்னும் அமைதியாகும், இன்னும் தாமதமாகும்.

அதிகம் வியாபாரமாகாத பங்குகளில் 1 நிமிட சார்ட் பார்ப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு சிக்கல். ஒரே விலையில் 15 நிமிடம் நின்றால், சராசரி ஏற்றமும் சராசரி இறக்கமும் ஒரே விகிதத்தில் தேய்வதால் ஆர்எஸ்ஐ உறைந்துவிடும். உச்சமும் அடியும் ஒரே எண், எனவே வகுக்க வேண்டியது 0-ஆல். அந்த இடத்தில் விடையே கிடையாது. ஆனால் சில மென்பொருள் அங்கே 0 என்று போட்டுவிடும், திரையில் பார்ப்பவருக்கு அது 'ஓவர்சோல்டு' போலவே தெரியும்.