ஸ்ட்ரீமிங் விளம்பர அளவீடு

ஸ்ட்ரீமிங் விளம்பர அளவீடு என்பது, இணையவழித் தொலைக்காட்சியிலும் ஒலிச்சேவைகளிலும் வரும் விளம்பரங்களின் பயனை, சொடுக்குகளைக் கொண்டல்லாமல், விளம்பரம் ஒருவரைச் சென்றடைந்தது என்னும் பதிவைக் கொண்டு கணிக்கும் முறையாகும். வரவேற்பறைத் திரையிலோ ஓட்டத்திலிருக்கும் காரிலோ சொடுக்க வழியில்லாததால், விளம்பரத்தின் தொடக்கம், கால், அரை, முக்கால், முடிவு ஆகிய கட்டங்களில் செயலி அனுப்பும் குறிப்புகளே முதல் சான்றாகின்றன. ஆயினும் தொலைக்காட்சியை அணைத்த பின்னும் அதில் செருகிய கருவி ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், முழுமையாக ஓடியது என்ற பதிவு பார்க்கப்பட்டதற்கு உறுதியாகாது.

விளம்பரம் பார்த்தோரையும் பாராதோரையும் நேரடியாக ஒப்பிடுவதும் பிழைபடும். மிகுதியாகப் பார்ப்போர் இயல்பிலேயே வேறுபட்ட வாங்கும் பழக்கம் உடையோராக இருக்கலாம். எனவே விளம்பரம் தொடங்குமுன்னரே வீடுகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றுக்கு விளம்பரம் நிறுத்திவைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, குழுவுக்கு 1,00,000 வீடுகள் எனக் கொண்டால், விளம்பரக் குழுவில் 1,200 வீடுகளும் மற்றதில் 1,000 வீடுகளும் பொருளை வாங்கியிருப்பின், விளம்பரத்தால் கூடியவை 200 மட்டுமே. விளம்பரம் உண்மையில் 40,000 வீடுகளையே எட்டியிருந்தால், எட்டிய வீடுகளில் விளைவு 0.5 விழுக்காடாகும். ஒரே வீட்டின் கருவிகள் வெவ்வேறு குழுக்களில் சேர்ந்துவிட்டால் விளம்பரம் மறுகுழுவுக்கும் கசிந்து, இவ்வேறுபாடு குறைத்துக் காட்டப்படும்.