பரிந்துரையும் பாயிரமும்: இலக்கிய ஆசிரியரின் கடிதத்தில் பகுப்பாய்வுத் திறனை நிறுவும் முறை

முன்னுரை

நீலகிரி மாவட்டம், குந்தா வட்டத்தில் உள்ள மஞ்சூர், தேயிலைத் தோட்டங்களும் படுகர் ஊர்களும் நீர்மின் திட்டக் குடியிருப்புகளும் சூழ்ந்த ஊர். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவி அரசு கலைக் கல்லூரியில் இலக்கியமோ வரலாறோ படிக்க விரும்பினால், அவளுக்காக ஆசிரியர் கடிதம் எழுத வேண்டியதில்லை. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணின் தரவரிசையே இடத்தைத் தீர்மானிக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கும் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ, நாட்டுக்குள்ளேயே கடிதம் கேட்கும் சில தனியார் நிறுவனங்களுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் தமிழாசிரியர் முன்னால் இந்தப் பணி வந்து நிற்கிறது.

பழக்கமில்லாத இந்தப் பணியைச் செய்ய அவர் பழக்கமான ஒரு வடிவத்தை நாடுகிறார். அது நன்னடத்தைச் சான்றிதழ். மாணவி ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி, ஆசிரியர்களை மதிப்பவள், வாழ்வில் எல்லா வளமும் பெறுக என்று கடிதம் முடிந்துவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு இது விடையாகாது. கலைப் புலப் படிப்புக்கு ஆள் தேர்பவர், இந்த மாணவி ஒரு பனுவலை எப்படி வாசிக்கிறாள், தன் கருத்தை எதனால் நிறுவுகிறாள், சான்று மாறும்போது கருத்தை மாற்றுகிறாளா என்றே அறிய விரும்புகிறார். பகுப்பாய்வுத் திறனைப் பெயரடைகளால் நிறுவ முடியாது. ஒரே ஒரு வாசிப்பு நிகழ்ந்த விதத்தை முழுமையாகச் சொல்வதே அதை நிறுவும் வழி. இதற்கான அளவைகள் தமிழ்ப் பாயிர மரபிலேயே உள்ளன. இவ்விரண்டும் இக்கட்டுரையின் வாதம்.

பாயிரம் கேட்கும் செய்திகள்

ஒருவரைப் பற்றியோ அவர் நூலைப் பற்றியோ இன்னொருவர் சான்று பகர்வதற்குத் தமிழில் இலக்கணமே உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல், சிறப்புப் பாயிரத்தை யார் சொல்லத் தகும் என்று வரையறுக்கிறது. நூல் செய்தவரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர் ஆகிய நால்வரே அதற்கு உரியவர். நால்வருக்கும் பொதுவானது, அவரது கல்வியை அருகிலிருந்து அறிந்திருப்பது. பதவியும் புகழும் அந்தப் பட்டியலில் இல்லை. மாணவியை வகுப்பில் ஒருநாளும் சந்திக்காத தலைமையாசிரியரின் கடிதத்தைவிட, ஈராண்டு பாடம் நடத்திய தமிழாசிரியரின் கடிதம் ஏன் மேலானது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

பாயிரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் நன்னூல் எண்ணிச் சொல்கிறது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் சேர்த்து உரைப்பாரும் உண்டு என மேலும் மூன்று. பதினொன்றில் ஒன்றுகூடப் புகழ்ச்சி அல்ல. எல்லாமே சரிபார்க்கத்தக்க செய்திகள். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் இதற்கு முன்மாதிரி. நூல் எந்த நிலப்பரப்பின் மொழியை ஆராய்ந்தது, யாருடைய அவையில் அரங்கேறியது, அதைக் கேட்டுத் தேர்ந்தவர் யார் என்று அது சொல்கிறது. தொல்காப்பியரின் பெருமையை இச்செய்திகளிலிருந்து கேட்பவரே உணர்ந்துகொள்கிறார்.

மாணாக்கரைத் தரம் பிரிக்கவும் நன்னூலிடம் அளவுகோல் உண்டு. தலை மாணாக்கருக்கு அன்னமும் பசுவும், இடை மாணாக்கருக்கு மண்ணும் கிளியும், கடை மாணாக்கருக்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவையும் உவமை. இங்கே கிளி இடைநிலையில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லிக்கொடுத்ததைப் பிழையின்றித் திருப்பிச் சொல்பவர் தலை மாணாக்கர் ஆவதில்லை. குற்றத்தையும் குணத்தையும் பிரித்தறிபவரும், கற்றதைப் பின்னர் அசைபோட்டுச் செரித்துக்கொள்பவருமே தலைநிலையினர். நம் தேர்வுத்தாள்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் இருவரில் ஒருவர் கிளியாகவும் ஒருவர் அன்னமாகவும் இருக்கலாம். மதிப்பெண் பட்டியல் அவர்களைப் பிரித்துக் காட்டாது. அந்த வேறுபாட்டைக் கண்டவர் வகுப்பாசிரியர் மட்டுமே. அதைச் சொல்வதே கடிதத்தின் வேலை.

ஒரு கவிதையும் ஒரு வாசிப்பும்

முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். மஞ்சூர்ப் பள்ளி ஒன்றில் குறுந்தொகையின் மூன்றாம் பாடல் நடத்தப்படுகிறது. தேவகுலத்தார் பாடியது. தலைவி தன் காதலை நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்கிறாள். கரிய தண்டுடைய குறிஞ்சிப்பூவைக் கொண்டு தேன் இழைக்கப்படும் மலைநாட்டுக்குரியவன் அவள் காதலன்.

நீலகிரிப் பிள்ளைகளுக்கு இப்பாடலில் ஓர் உரிமை உண்டு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த செய்தி. எனவே காதலும் அப்பூவைப்போல் அரிது என்று வகுப்பு முழுவதும் சொல்கிறது. நம் மாணவியும் முதல் கட்டுரையில் அதையே எழுதுகிறாள். ஆசிரியர் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதித் திருப்பித் தருகிறார்: பன்னிரண்டு ஆண்டு பாடலில் எங்கே இருக்கிறது?

இரண்டாம் கட்டுரையில் மூன்று நகர்வுகள் தெரிகின்றன. முதலாவது, பாடல் சொல்வதையும் தான் கொண்டுவந்ததையும் அவள் பிரிக்கிறாள். பாடலில் இருப்பவை தண்டின் கருமை, பூ, தேன் ஆகியவை மட்டுமே. பூக்கும் இடைவெளி இல்லை. குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சுழற்சி இல்லை என்பதையும் சேர்த்து, அரிது என்ற பொருளைப் பாடலின் மேல் ஏற்றச் சான்று போதாது என்கிறாள். தன் மண்ணைப் பற்றிய அறிவையே ஐயுறத் துணிந்தது இங்கே முக்கியமானது.

இரண்டாவது, விட்ட இடத்தை வேறு சான்றால் நிரப்புகிறாள். நிலம், வான், நீர் மூன்றும் அளக்க முடியாத பெரும்பொருள்கள். அவற்றுக்குப் பின் வருவதோ சிறு பூக்களிலிருந்து துளித்துளியாகச் சேரும் தேன். ஒரே அடியில் எட்டிவிடும் பெருமையும், காலம் எடுத்துச் சேரும் செறிவும் ஒரு காதலுக்குள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன என்பது அவள் புதிய வாதம். இது பாடலின் சொல்லடுக்கிலிருந்தே எழுவது.

மூன்றாவது, பாடலின் துறைக்குறிப்பைப் படித்ததும் அவ்வாதத்தையும் திருத்துகிறாள். காதலன் மறைவில் நிற்க, தோழி அவனைப் பழித்துப் பேச, அதை மறுத்துத் தலைவி சொன்னது இது என்கிறது குறிப்பு. அப்படியானால் இப்பேரளவுகள் தனிமையில் பொங்கிய வியப்பாக மட்டும் இருக்க முடியாது. ஒரு குற்றச்சாட்டுக்குத் தரும் பதிலும் ஆகும். அதோடு நில்லாமல், பாடலுக்கு வெளியே நிற்கும் இக்குறிப்புக்கு வாசிப்பை எவ்வளவு தூரம் ஒப்புக்கொடுப்பது என்று கேட்டு, விடையின்றி முடிக்கிறாள். சங்கப் பாடல்களைப் படிக்கும் ஆய்வாளர்களும் எதிர்கொள்ளும் கேள்வி அது.

கடிதத்தில் இது அமையும் விதம்

மேற்கண்டதைக் கடிதமாக்கும்போது ஆசிரியர் செய்ய வேண்டியது பெரும்பாலும் குறைப்பதே. முதல் பத்தியில் பாயிரத்தின் களமும் கேட்போரும் வர வேண்டும்: எத்தனை ஆண்டு, எந்தப் பாடம், எத்தனை பேர் உள்ள வகுப்பு, அவளுக்குக் கிடைத்த நூல்கள் எவை. தேர்வுக்குழுவுக்கு மஞ்சூர் தெரியாது. பாடநூலும் ஒரு சிறு நூலகமும் மட்டுமே கைக்கு எட்டிய இடத்தில் இரண்டாம் கட்டுரை எழுதப்பட்டது என்பது அதன் மதிப்பை மாற்றும். நடுப்பத்தி அந்த வாசிப்புக்கே உரியது. அதை இவ்வாறு எழுதலாம்:

‘குறிஞ்சிப்பூவின் அருமையை வைத்து இப்பாடலை விளக்கிய முதல் கட்டுரையை, நான் ஓரத்தில் எழுதிய ஒரு கேள்விக்குப்பின் இவர் கைவிட்டார். பாடலில் சான்று இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். அடுத்த கட்டுரையில் பாடலின் உவமை வரிசையிலிருந்து வேறு வாதத்தை அமைத்தார். துறைக்குறிப்பைப் படித்தபின் அதன் ஒரு பகுதியையும் திருத்தினார். இந்த வகுப்பில் வேறு எவரும் இதைச் செய்யவில்லை.’

திறமையானவர் என்ற சொல் இதில் இல்லை. கடைசி வாக்கியம் ஒப்பீட்டைத் தருகிறது. அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதத்தக்கது. மூன்றாம் பத்தி ஒரு குறையைச் சொல்ல வேண்டும். யாப்பைப் பற்றி அவள் இன்னும் பேசத் தொடங்கவில்லை, ஓசை பொருளை எப்படி நடத்துகிறது என்பதில் பயிற்சி தேவை என்பது போன்ற குறிப்பான குறை. எல்லை சொல்லப்பட்ட சான்றையே வாசிப்பவர் நம்புவார்.

வரம்புகள்

இதற்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. கடிதம் மாணவியைவிட எழுதியவரையே அதிகம் காட்டுகிறது என்பது அது. 1981-இல் பாக்ஸ்டரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதை ஆதரித்தது: ஒரே விண்ணப்பதாரரைப் பற்றி இருவர் எழுதிய கடிதங்களைவிட, ஒருவரே வெவ்வேறு விண்ணப்பதாரர்களுக்கு எழுதிய கடிதங்கள் தம்முள் ஒத்திருந்தன. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து டிரிக்ஸும் சென்காவும் 2003-இல் எழுதிய கட்டுரை, பெண்களுக்கான கடிதங்கள் குறுகியிருப்பதையும் அவற்றில் உழைப்பைச் சுட்டும் சொற்கள் மிகுந்திருப்பதையும் காட்டியது. ‘கடின உழைப்பாளி’ என்று நாம் பரிவோடு எழுதும் சொல், அறிவுக்கூர்மையைச் சொல்ல வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். தேயிலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்ணுக்கு எழுதும்போது இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது; அவள் வறுமையை விவரிக்கும் ஆர்வத்தில் அவள் வாசிப்பை மறந்துவிடுகிறோம். குடும்பச் சூழல் படிப்பைப் பாதித்திருந்தால் அதைச் சொல்லத் தனி இடம் உண்டு. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத்தில், 2024 சேர்க்கை முதல், ஆசிரியர் குறிப்பு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு அதில் ஒன்று இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. எந்த இடமானாலும், மாணவியின் ஒப்புதல் பெற்றே குடும்பச் செய்திகளை எழுத வேண்டும்.

இவ்வாய்வுகள் வீழ்த்துவது பெயரடைக் கடிதத்தையே. ஒருவரது நடைப்பழக்கம் எல்லாக் கடிதங்களையும் ஒன்றுபோல ஆக்கிவிடுவது, அவற்றில் மாணவருக்கு மட்டுமே உரிய செய்தி இல்லாதபோதுதான். முதல் கட்டுரை, திருத்தக் கேள்வி, இரண்டாம் கட்டுரை என்ற வரிசை இன்னொரு மாணவரின் கடிதத்துக்குள் புகாது. ஆனால் வாசிப்பைச் சொல்லும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு: வகுப்பில் கேள்வி எழுப்பப்படாவிட்டால், திருத்தி எழுத வாய்ப்பு தரப்படாவிட்டால், பதிவு செய்ய எதுவும் இருக்காது. வினா விடைத் தொகுப்பை மனனம் செய்விக்கும் வகுப்பிலிருந்து நல்ல கடிதம் பிறக்காது. அங்கே அன்னமும் கிளியாகவே நடந்துகொள்ளும்.

முடிவுரை

கடிதம் கேட்கப்படும் மாதத்தில் அதை எழுதத் தொடங்குவது காலம் கடந்த செயல். பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே பருவத்துக்கு ஒரு கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்லி, இரு வடிவங்களையும் ஆசிரியர் வைத்திருக்க வேண்டும். எந்தக் கேள்விக்குப்பின் எது மாறியது என்று ஒரு வரி குறித்துக்கொண்டால் போதும். ஈராண்டின் முடிவில் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் சொல்வதற்கு அவரிடம் சான்று இருக்கும். மஞ்சூர் போன்ற ஊரின் மாணவிக்குப் பெரிய பள்ளியின் பெயரோ பரிந்துரைப்பவரின் புகழோ துணைக்கு வராது. அவளுக்காகப் பேசக்கூடியது அவள் வாசித்த விதம் மட்டுமே. அதைக் கண்டு குறித்து வைத்த ஆசிரியரின் கடிதம்தான் அதைத் தேர்வுக்குழுவிடம் கொண்டுசேர்க்க முடியும்.