நகர்பேசி வலையமைப்புக் குறியீடுகள்

நகர்பேசி வலையமைப்புக் குறியீடு என்பது நகர்பேசித் திரையின் மேற்பகுதியில், குறிகைக் கோடுகளுக்கு அருகே தோன்றும் E, H+, 4G, 5G போன்ற எழுத்து அடையாளம் ஆகும். குறிகைக் கோடுகள் கோபுரத்திலிருந்து வந்துசேரும் அலையின் வலிமையைக் காட்டுகின்றன. எழுத்து அடையாளமோ எத்தொழினுட்பத்தின் வழியாக இணைப்பு அமைந்துள்ளது என்பதைத் தெரிவிக்க ஏற்பட்டது. இதனைப் பலர் வேகமானி எனக் கருதுகின்றனர், அது சரியன்று.

E முதல் H+ வரை

E என்பது எட்ஜ் என்னும் தொழினுட்பத்தைக் குறிக்கும். இது இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம் வலையமைப்பின் மேல் கட்டப்பட்டது. இதற்கு முந்தைய ஜி.பி.ஆர்.எஸ் (G எனக் காட்டப்படுவது) ஒவ்வோர் அலைக்குறியிலும் ஒரு பிட் அனுப்பியது. எட்ஜ் மூன்று பிட்டுகளை அனுப்பியது. நான்கு நேரத்துண்டுகளைப் பயன்படுத்தும் கருவிக்கு இதன் உச்ச வேகம் நொடிக்கு 236.8 கிலோபிட். நொடிக்கு 200 கிலோபிட் கிடைத்தாலும் 5 மெகாபைட் அளவுள்ள பாடல் ஒன்றைத் தரவிறக்க மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும். கோடுகள் நிறைந்திருந்தும் E தோன்றுகையில் இணையம் தவழ்வது இதனாலேயே.

3G என்பது மூன்றாம் தலைமுறை. H, H+ ஆகியன அதன் விரைவாக்கப்பட்ட வடிவங்கள். தரவு ஓடும்போது H எனவும், ஓய்வில் 3G எனவும் மாறி மாறித் தோன்றுவது பழைய கருவிகளில் வழக்கம், அது பழுதன்று.

4G

4G அல்லது LTE என்பது எல்.டி.இ வலையமைப்பைக் குறிக்கும். எனினும் இப்பெயர் தொடக்கத்திலேயே தளர்ந்துவிட்டது. மேம்பட்ட மூன்றாம் தலைமுறை வலையமைப்புகளையும் 4G என அழைக்கலாம் என்ற பொருள்பட அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2010 திசம்பரில் அறிவித்தது. 2012-இல் ஐ-போனுக்கான மென்பொருள் இற்றைப்படுத்தலுக்குப் பின், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி வலையமைப்பில் முன்பு 3G எனக் காட்டிய அதே கருவி 4G எனக் காட்டத் தொடங்கியது. கோபுரம் மாறவில்லை, எழுத்து மட்டுமே மாறியது.

அதே நிறுவனம் 2019 சனவரியில் தன் மேம்பட்ட எல்.டி.இ வலையமைப்புக்கு 5G E என்னும் குறியீட்டைக் காட்டச் செய்தது. போட்டி நிறுவனமான சிபிரிண்ட் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு சில மாதங்களில் சமரசமாக முடிந்தது.

5G

ஐந்தாம் தலைமுறையில் இக்குழப்பத்திற்குத் தொழினுட்பக் காரணமும் உண்டு. 5G வலையமைப்பு இரு முறைகளில் நிறுவப்படுகிறது. தனித்து இயங்கும் முறையில் கருவி நேரடியாக 5G கோபுரத்துடன் இணைகிறது. சார்ந்து இயங்கும் முறையிலோ கருவி முதலில் 4G-யுடன் இணைந்து, தரவு தேவைப்படும்போது மட்டும் 5G அலையைத் துணையாகச் சேர்த்துக்கொள்கிறது. இந்தியாவில் 2022 அக்டோபரில் சேவை தொடங்கியபோது ஜியோ முதல் முறையையும், ஏர்டெல் இரண்டாம் முறையையும் தேர்ந்தன.

சார்ந்து இயங்கும் முறையில் ஓய்விலுள்ள கருவி 4G-யில் மட்டுமே இருக்கும். அப்போது எந்த எழுத்தைக் காட்டுவது? இதற்காக 4G கோபுரம் `upperLayerIndication` என்ற ஒரு குறிப்பை ஒலிபரப்ப இயலும். "இவ்விடத்தில் 5G கிடைக்கக்கூடும்" என்பது அதன் பொருள், கிடைக்கிறது என்பதன்று. ஆன்ட்ராய்டில் எந்நிலையில் எவ்வெழுத்தைக் காட்ட வேண்டும் என்பதைச் சேவை நிறுவனம் `5g_icon_configuration_string` என்ற அமைப்பின் வழியே தீர்மானிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, வீட்டின் உள்ளறையில் ஓய்விலுள்ள கருவி 5G எனக் காட்டுகிறது எனக் கொள்க. பயனர் நிகழ்படம் ஒன்றைத் திறக்கிறார். 4G கோபுரம், அருகிலுள்ள 5G அலையை அளக்குமாறு கருவிக்குக் கட்டளையிடுகிறது. அவ்வலை பெரும்பாலும் உயர் அதிர்வெண் கொண்டது. ஆகவே சுவர்களைக் கடக்கையில் மிகவும் நலிகிறது. அளவீடு வரம்பை எட்டாவிடில் துணை இணைப்பு சேர்க்கப்படாது. நிகழ்படம் முழுதும் 4G வழியே வரும். குறியீடு சில கருவிகளில் 4G-க்கு மாறும். சிலவற்றில் 5G என்றே நிற்கும். நெரிசல் மிக்க அந்த 4G கோபுரத்தில் வேகம் குறைந்தால் "5G மெதுவாக உள்ளது" என்ற முறையீடு எழுகிறது; உண்மையில் 5G அங்கு பயன்படவே இல்லை.

இதனை அறிய எளிய வழி உண்டு. அதே இடத்தில் வேகச் சோதனையைச் செய்து, பின் அமைப்புகளில் 5G-யை நிறுத்தி மீண்டும் செய்தல் வேண்டும். சிலமுறை செய்தும் வேறுபாடு இல்லையெனில் 5G அலை பங்களிக்கவில்லை எனக் கருதலாம். பல ஆன்ட்ராய்டு கருவிகளில் `*#*#4636#*#*` என அழுத்தினால் திறக்கும் பக்கத்தில் தரவு வலையமைப்பின் வகை LTE அல்லது NR எனக் காணப்படும். ஆனால் சார்ந்து இயங்கும் முறையில் 5G அலை சேர்ந்திருக்கும்போதும் அங்கு LTE என்றே தோன்றலாம்; எனவே அதை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

அழைப்பின்போது மாறுதல்

எல்.டி.இ வழிக் குரல் அழைப்பு வசதி இல்லாத அல்லது அணைக்கப்பட்ட கருவியில், அழைப்பு வந்தவுடன் 4G குறியீடு 3G அல்லது E என இறங்கும். 3G சேவை நிறுத்தப்பட்ட வலையமைப்புகளில் இவ்வீழ்ச்சி நேரே E-க்குச் செல்கிறது. அழைப்பு முடிந்த சில நொடிகளில் பழைய குறியீடு திரும்பாவிடில், வானூர்திப் பயன்முறையை இட்டு நீக்கினால் கருவி மீண்டும் 4G-யைத் தேடும்.