முழங்கால் சில்லுக்குக் கீழே வலியுடன் தோன்றும் புடைப்பு: விளையாடும் சிறாருக்கான வழிகாட்டுதல்

உங்கள் மகனோ மகளோ விளையாடிவிட்டு வந்து, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து, "இந்த இடத்தில்தான் வலிக்கிறது" என்று கூறலாம். அங்கே சிறிய புடைப்பு ஒன்று தென்படும், அழுத்தினால் வலிக்கும். குதிக்கும்போதும், வேகமாக ஓடும்போதும், படி இறங்கும்போதும், முட்டியிடும்போதும் வலி மிகும், ஓய்வெடுத்தால் குறையும். இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் நிலை என்று பெயர். பாஸ்டன் நகரின் ராபர்ட் ஆஸ்குட், ஜூரிச் நகரின் கார்ல் ஷ்லாட்டர் ஆகிய இரு மருத்துவர்கள் 1903ஆம் ஆண்டில் தனித்தனியே இதனை விவரித்தனர். இது கட்டியன்று, புற்றுநோயும் அன்று.

ஏன் ஏற்படுகிறது?

தொடையின் முன்பக்கத் தசை, முழங்கால் சில்லு வழியாக உறுதியான ஒரு தசைநாணாக இறங்கி, கீழ்க்காலின் பெரிய எலும்பில் சென்று பற்றுகிறது. பெரியவர்களுக்கு அந்த இடம் முழுமையாக எலும்பாகியிருக்கும். வளரும் பிள்ளைகளுக்கோ அங்கே இன்னும் மென்மையான வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. ஒவ்வொரு குதிப்பிலும், திடீரென நிற்கும் ஒவ்வொரு முறையும், தொடைத்தசை அந்தக் குருத்தெலும்பை இழுக்கிறது. உயரம் விரைவாகக் கூடும் மாதங்களில் தசையும் இறுக்கமாக இருப்பதால் இழுவை மேலும் மிகுகிறது. இழுவை ஆறுவதற்குள் அடுத்த இழுவை வந்தால் அவ்விடம் புண்பட்டு, வீங்கி, பிறகு புதிய எலும்பு படிந்து புடைப்பாகிறது. பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி முன்னதாகத் தொடங்குவதால், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைவிட ஓரிரு ஆண்டுகள் முன்பே இது தோன்றும். சிலருக்கு இரு கால்களிலும் வரும்.

எனவே இங்கே கேள்வி, விளையாடலாமா கூடாதா என்பதன்று. எத்தனை இழுவையைத் தாங்கி மறுநாளைக்குள் அந்த இடம் ஆறுகிறது என்பதே கேள்வி.

வலியை அளந்து பயிற்சியைத் தீர்மானித்தல்

வலியே இல்லை என்பதற்கு 0, தாங்கவே முடியாத வலிக்கு 10 என்று பிள்ளையையே மதிப்பெண் கூறச் சொல்லுங்கள். பயிற்சியின்போது 2 வரை இருந்தால் தொடரலாம். 3 முதல் 5 வரை இருந்தால் குதிப்பையும் ஓட்டத்தையும் குறைக்க வேண்டும். அதற்கு மேல் சென்றாலோ, பிள்ளை நொண்டி நடந்தாலோ அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலை படி இறங்கும்போது மீண்டும் கேளுங்கள். வழக்கத்தைவிட வலி கூடியிருந்தால், முந்தைய நாளின் பயிற்சி அந்தக் காலுக்கு அதிகம் என்று பொருள். களத்தில் உற்சாகத்தில் வலி மறந்துபோகும். ஆகவே காலை நேர மதிப்பெண்ணையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 13 வயது மாணவர், பள்ளிக் கைப்பந்து அணியில் வாரம் ஆறு நாள்கள் ஆடுகிறார். வலி 6. "ஒரு மணி நேரம்தான் ஆடுகிறான்" என்கிறார் தாயார். கணக்கெடுத்துப் பார்த்தால், சிமெண்டுத் தரையில் ஸ்மாஷ், பிளாக் பயிற்சியில் ஏறத்தாழ 60 குதிப்புகள். அதற்கு முன் உடலைச் சூடாக்க 200 முறை கயிறு தாண்டுதல். தவறிழைத்தால் தவளைப் பாய்ச்சல். விளையாட்டு என்று எவரும் எண்ணாத கயிறு தாண்டுதலே இங்கே பெருஞ்சுமையாக இருக்கிறது.

இவர் அணியை விட்டு விலக வேண்டியதில்லை. முதல் நான்கு வாரங்கள் குதிப்பு, வேக ஓட்டம், கயிறு தாண்டுதல், முட்டியிடுதல் ஆகியவற்றை மட்டும் நிறுத்த வேண்டும். நின்றபடி சர்வீஸ் போடலாம்; கைகளால் பந்தை ஏந்தி அனுப்பிப் பழகலாம்; வலி 2-ஐத் தாண்டாவிடில் மிதிவண்டி ஓட்டலாம், நீந்தலாம். நாள்தோறும் காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைத்தசையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்த வேண்டும். 10 விநாடிகள் அழுத்தித் தளர்த்துவதை 10 முறை செய்தால் போதும்.

காலை வலி 2-க்குக் கீழ் வந்த பிறகு, சுவரில் முதுகைச் சாய்த்து முழங்காலைச் சிறிதளவு மடக்கி நிற்கும் பயிற்சியைத் தொடங்கலாம். நாளடைவில் மடக்கும் அளவைக் கூட்டலாம். அதுவும் வலியின்றி அமைந்தால் குதிப்பு திரும்பலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், முதல் வாரத்தில் 20 குதிப்புகள், இயன்றவரை மண் தரையில். காலை மதிப்பெண் அமைதியாக இருந்தால் அடுத்த வாரம் 30. கூடிவிட்டால் மீண்டும் 20. இந்த எண்கள் இவருக்கானவை. உங்கள் பிள்ளைக்கு மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ வேறு எண்களைக் கூறலாம். முழு ஆட்டத்திற்குத் திரும்ப ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகலாம். உயரம் மீண்டும் விரைந்து கூடும்போது வலி தலைதூக்கினால் ஒரு படி பின்செல்ல வேண்டும்.

இவற்றை உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் தெரிவியுங்கள். குதிப்பு எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துழைக்கிறார்கள். முட்டி போடச் செய்தல், தோப்புக்கரணம் போன்ற தண்டனைகள் இந்தப் பிள்ளைக்கு அறவே கூடாது என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.

வீட்டில்

விளையாடிய பின் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடங்கள் ஒற்றி வைக்கலாம். புடைப்பை எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதைத் தவிர்த்துவிடுங்கள். புண்பட்ட இடத்தை அது மேலும் புண்படுத்தும். வலி மாத்திரை தந்து களத்திற்கு அனுப்பவும் வேண்டாம். அளக்க வேண்டிய வலியையே அது மறைத்துவிடும். புடைப்பில் ஸ்டீராய்டு ஊசி போடுவது பரிந்துரைக்கப்படுவதில்லை.

மருத்துவரிடம் எப்போது செல்ல வேண்டும்?

பெரும்பாலும் மருத்துவர் தொட்டுப் பார்த்தே இந்நிலையை உறுதிசெய்வார்; எக்ஸ்-ரே எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் குதித்த கணத்தில் திடீரெனக் கடும் வலி ஏற்பட்டுக் காலை நீட்டித் தூக்க முடியாமல் போனால், தசைநாண் பற்றிய எலும்பு பெயர்ந்திருக்கக்கூடும். நடக்க விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுடன் முழங்கால் சிவந்து வீங்குதல், ஓய்விலும் உறக்கத்திலும் வலித்தல், எடை குறைதல், மூட்டு முழுவதும் வீங்குதல் ஆகியவை இந்நிலையின் இயல்புகள் அல்ல. காலந்தாழ்த்தாமல் காட்ட வேண்டும். புடைப்பே இல்லாமல் பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் பரிசோதிக்க வேண்டும். இடுப்பின் கோளாறு இவ்வயதில் முழங்கால் வலியாகத் தோன்றுவதுண்டு. அதில் தாமதம் பாதிப்பை உண்டாக்கும்.

வளர்ச்சி முடிந்து குருத்தெலும்பு எலும்பாக மாறியதும் பெரும்பாலோருக்கு வலி நின்றுவிடுகிறது. புடைப்பு மட்டும் வலியின்றி நிலைத்திருக்கலாம். சிலருக்குப் பின்னாளிலும் கடினமான தரையில் முட்டியிடும்போது உறுத்தும். கீழே மெத்தென்ற துணியை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். வளர்ச்சி முடிந்த பின்னரும் விளையாடும்போது வலி தொடர்ந்தால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.