பதநீர் எப்போது கள்ளாக மாறுகிறது? சில மணி நேரத்தில் நடக்கும் மாற்றம்... சுண்ணாம்பு செய்யும் வேலை என்ன?

கோடை வந்தாச்சு. சாலையோரங்களில் பதநீர் விற்பனையும் சூடுபிடிக்கும். கூடவே ஒரு சந்தேகமும் வரும். காலையில் வாங்கிய பதநீர் சாயங்காலம் லேசா புளிக்குதே, அது கள்ளா? பதநீரும் கள்ளும் ஒரே மரத்தில், ஒரே பாளையில் இருந்துதானே வருது, அப்போ வித்தியாசம் எங்கே?

கள்ளில்தான் ஏதோ சேர்க்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியே தலைகீழ். எதையும் சேர்க்காமல் விட்டால் கிடைப்பதுதான் கள். சுண்ணாம்பு சேர்த்தால்தான் அது பதநீர்.

பானைக்குள் என்ன நடக்கிறது?

பனைமரத்தின் பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியை மெல்லியதாகச் சீவிவிட்டு, அதில் கலயத்தைக் கட்டிவிட்டு வருவார்கள். இரவு முழுக்க சாறு சொட்டு சொட்டாக வடியும். புதிதாக வடியும் சாற்றில் சுமார் 10 முதல் 15 சதவீதம் சர்க்கரை இருக்கும். அதில் பெரும்பகுதி நாம் கடையில் வாங்கும் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்.

அந்தச் சாறு மூடி வைத்த பாட்டிலில் விழவில்லை. காற்று, ஈ, வண்டு, பாளையின் வெட்டுப்பகுதி, சரியாகக் கழுவாத கலயம் என எல்லாவற்றிலும் ஈஸ்ட் இருக்கிறது. நேற்றைய கள் ஒட்டிய கலயத்தையே மறுபடி கட்டினால், தயிருக்கு உறை ஊற்றிய மாதிரிதான்.

ஈஸ்ட் முதலில் சுக்ரோஸை குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாக உடைக்கும். பிறகு அவற்றைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியேற்றும். அந்த வாயுதான் நுரையாகப் பொங்குகிறது. கூடவே சில பாக்டீரியாக்கள் புளிப்பு அமிலங்களை உருவாக்கும். நம்ம ஊர் வெயிலில் இது படுவேகமாக நடக்கும். அதனால்தான் சுண்ணாம்பு இல்லாத கலயத்தை காலையில் இறக்கும்போதே அது பாதி கள்ளாக இருக்கும்.

எவ்வளவு ஆல்கஹால் வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் சாற்றில் 120 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, அதாவது 60 கிராம் புளித்தால், சுமார் 32 கிராம் ஆல்கஹால் கிடைக்கும். அளவில் இது ஏறக்குறைய 40 மில்லி, அதாவது 4 சதவீதம். முழுச் சர்க்கரையும் மாறினால் 8 சதவீதம் வரை போகலாம். ஆனால் ஒரு பகுதி அமிலமாகிவிடுவதால், நடைமுறையில் கள் பெரும்பாலும் 4 முதல் 6 சதவீதத்தில் நிற்கும். அப்படியே விட்டுவைத்தால் வேறு பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை வினிகராக மாற்றிவிடும். பழைய கள் மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாசம் அடிப்பது இதனால்தான்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது?

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மைக்கு மாறிவிடும். ஈஸ்டுக்கு அது பிடிக்காது, பெருகாது. அதனால் சர்க்கரை அப்படியே தங்கும். ஆனால் சுண்ணாம்பு ஈஸ்டைத் தடுத்து வைக்கிறதே தவிர, முழுசா அழிப்பதில்லை. குறைவாகப் பூசினாலோ, பதநீரை வெயிலில் நாள் முழுக்க வைத்தாலோ புளிப்பு தொடங்கிவிடும். அதிகமானாலும் சிக்கல்தான், நாக்கு அரிக்கும்.

சுண்ணாம்பே இல்லாமலும் தடுக்க வழி உண்டு. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், தென்னஞ்சாற்றை ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் சேகரிக்கும் முறையை உருவாக்கியது. குளிரில் ஈஸ்ட் கிட்டத்தட்ட முடங்கிவிடும். அப்படி எடுக்கும் சாறுக்கு 'கல்பரசா' என்று பெயர்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல பதநீர் ஓரளவு தெளிவாக, இனிப்பாக இருக்கும். நுரை பொங்காது. பால் போல் வெளுத்து, குமிழி விட்டு, புளிப்பு வாசம் வந்தால் அது கள்ளாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதில் பெருகிய நுண்ணுயிரிகளே.

இந்த வித்தியாசம் ருசியோடு முடிவதில்லை. கேரளாவிலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடைகள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. பனையேறும் தொழிலாளிக்கு, கலயத்தில் பூசும் அந்தச் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் வழக்குக்கும் நடுவே உள்ள கோடு.

வீட்டுக்கு வாங்கி வந்தால் அன்றைக்கே குடித்துவிடுங்கள். மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் மூடியை இறுக்க வேண்டாம். புளிக்கத் தொடங்கினால் வாயு சேர்ந்து பாட்டிலே வெடிக்கலாம். குழந்தைகளுக்குக் கொடுப்பதாகவோ, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதாகவோ இருந்தால், நுரைத்த பதநீரைத் தொடாமல் இருப்பதே நல்லது.